ஆப்பிள் அறிக்கையில் இந்தியா எங்கே? பிரிவுக் குறிப்பிலிருந்து நாடுவாரி வருவாயை எடுப்பது எப்படி?

கார்த்தி_எம்காம்

எல்லோருக்கும் வணக்கம். எம்.காம் கடைசி வருடம், புராஜெக்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்து கம்பெனிகளை எடுத்து, ஒவ்வொன்றும் எந்தெந்த நாட்டில் தொழில் செய்கிறது, எந்த நாட்டிலிருந்து எவ்வளவு வருவாய் வருகிறது என்று அட்டவணை போட வேண்டும். நான்கை ஓரளவு முடித்துவிட்டேன், ஆப்பிளில் மாட்டிக்கொண்டேன்.

2023 செப்டம்பரில் முடிந்த ஆண்டுக்கான 10-கே என்ற ஆண்டறிக்கையை எடுத்தேன். நிர்வாகத்தின் அலசல் வரும் பகுதியில் ஐந்து வரி அட்டவணை ஒன்று இருக்கிறது. அமெரிக்கக் கண்டங்கள் 162,560, ஐரோப்பா 94,294, பெருஞ்சீனம் 72,559, ஜப்பான் 24,257, மற்ற ஆசிய பசிபிக் 29,615. எல்லாம் மில்லியன் டாலர். மொத்தம் 383,285. நாடுகளின் பெயர் இல்லை. அதனால் இந்தியாவை மற்ற ஆசிய பசிபிக்கில் சேர்த்து, அந்த 29,615-ஐ நாடுகளின் ஜிடிபி விகிதத்தில் பிரித்துக் காட்டினேன். கைடு பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்தியா அந்த வரியில்தான் இருக்கிறது என்று எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறது?" என்னிடம் பதில் இல்லை. எங்கே தேடுவது?

ஒரகடம்_ராஜா

தம்பி, ஐபோன் நம்ம ஸ்ரீபெரும்புதூரிலேயே தயாராகிறது, தினமும் அந்த கம்பெனி பஸ்களைப் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். அப்படியிருக்க ஆப்பிள் கணக்கில் இந்தியா தனி வரியாக வராமல் எப்படி இருக்கும்? இங்கிருந்து ஏற்றுமதி ஆகும் சரக்கின் மதிப்பே பெரிய தொகை. ஏற்றுமதிப் புள்ளிவிவரத்திலிருந்து எடுத்துப் போடுங்கள்.

பங்குப்பித்தன்

விதி ரொம்ப எளிமை. எந்த நாட்டிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் வருவாய் வந்தாலும் அதைத் தனியாகக் காட்டியே ஆக வேண்டும், அதற்குக் கீழே இருந்தால் காட்டத் தேவையில்லை. இந்தியா 10 சதவீதம் வரவில்லை, அதனால் இல்லை. அவ்வளவுதான், கைடிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

வசந்தா_தணிக்கை

கார்த்தி, நீங்கள் பார்த்தது தவறான அட்டவணை இல்லை, பாதி அட்டவணை. நிர்வாக அலசலில் பிரிவுவாரி விற்பனை மட்டும்தான் வரும். நிதி அறிக்கைகளுக்குப் பின்னால் வரும் குறிப்புகளில் கடைசிக்குப் போங்கள், பிரிவுத் தகவலும் புவியியல் தரவும் சேர்ந்த ஒரு குறிப்பு இருக்கும். அதை முதல் வரியிலிருந்து படியுங்கள், எண்களுக்கு நேராகத் தாவாதீர்கள். உங்கள் கைடு கேட்ட கேள்விக்குப் பதில் அந்தப் பத்தியில்தான் இருக்கிறது. ஐரோப்பா என்ற பிரிவில் ஐரோப்பிய நாடுகளோடு இந்தியா, மத்தியக் கிழக்கு, ஆப்பிரிக்கா எல்லாம் அடங்கும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பெருஞ்சீனம் என்றால் சீனப் பெருநிலம், ஹாங்காங், தைவான். மற்ற ஆசிய பசிபிக் என்றால் ஆஸ்திரேலியாவும், வேறு பிரிவுகளில் சேராத ஆசிய நாடுகளும். ஆக நீங்கள் பிரித்த 29,615-இல் இந்தியா ஒரு டாலர்கூட இல்லை.

பிரிவு என்பது வரைபடத்தைப் பார்த்துப் போடுவது இல்லை. உள்ளே தொழிலை யார் எப்படி நடத்துகிறார்கள், தலைமை எந்தக் கூறாகப் பார்த்து முடிவெடுக்கிறது என்பதைப் பொறுத்து அமைவது. அதனால் ஒரு கம்பெனியின் "ஐரோப்பா"வையும் இன்னொன்றின் "ஐரோப்பா"வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. மற்ற நான்கு கம்பெனிகளிலும் இந்தப் பத்தியைப் படித்தீர்களா என்று முதலில் பாருங்கள்.

அதே குறிப்பில் கீழே இரண்டாவது அட்டவணை இருக்கிறது, அது நாடுவாரி. அமெரிக்கா 138,573, சீனா 72,559, மற்ற நாடுகள் 172,153.

ராஜா சார், நீங்கள் சொல்வது பொருள் எங்கே தயாராகிறது என்பது. கார்த்தி கேட்பது எங்கே விற்கிறது என்பது. ஸ்ரீபெரும்புதூரில் பூட்டிய போன் அமெரிக்காவில் ஒருவர் கைக்குப் போனால் அது ஆப்பிளுக்கு அமெரிக்க விற்பனைதான். புவியியல் பிரிவுகளின் விற்பனை பொதுவாக வாடிக்கையாளர் இருக்கும் இடத்தையும், சில்லறைக் கடை இருக்கும் இடத்தையும் வைத்துத்தான் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

பங்குப்பித்தன்

நான் சொன்ன 10 சதவீதம் சரிதானே மேடம்? அந்த அட்டவணைக்கு மேலேயே இருக்கிறதே, அமெரிக்காவும் சீனாவும் மட்டுமே 10 சதவீதத்தைத் தாண்டின என்று.

வசந்தா_தணிக்கை

அந்த வாக்கியம் இருக்கிறது, ஆனால் அது ஆப்பிள் தனக்கு வைத்துக்கொண்ட கோடு. அமெரிக்கக் கணக்கியல் விதியான ஏஎஸ்சி 280, உலக அளவில் ஐஎஃப்ஆர்எஸ் 8, நம்ம இண்ட் ஏஎஸ் 108, மூன்றுமே நாடுகளைப் பொறுத்தவரை ஒரே போலத்தான் கேட்கின்றன. சொந்த நாட்டிலிருந்து வந்த வருவாய் தனியாக, வெளிநாடுகள் எல்லாம் சேர்த்து ஒரு தொகை, அப்புறம் ஏதாவது ஒரு நாட்டின் வருவாய் பொருட்படுத்தத்தக்க அளவு என்றால் அது தனியாக. எவ்வளவு இருந்தால் பொருட்படுத்தத்தக்கது என்று நாடுகளுக்குச் சதவீதம் எதுவும் விதியில் இல்லை. 10 சதவீதம் வருவது வேறு இரண்டு இடத்தில். எந்தப் பிரிவைத் தனியாகக் காட்டுவது என்ற சோதனையில் வரும், ஒரே வாடிக்கையாளரிடமிருந்து 10 சதவீதமோ அதற்கு மேலோ வருவாய் வந்தால் அதைச் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் வரும். பல கம்பெனிகள் அதையே நாடுகளுக்கும் வழக்கமாக எடுத்துக்கொள்கின்றன. அதனால் வேறொரு கம்பெனி 5 சதவீத நாட்டைக் காட்டியிருந்தால் அதிசயப்பட வேண்டாம். ஒரு நாடு பட்டியலில் இல்லை என்பதால் அது 10 சதவீதத்துக்குக் கீழே என்று நாமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆப்பிள் வெளிப்படையாக எழுதியதால்தான் இங்கே அப்படி எடுத்துக்கொள்கிறோம்.

கார்த்தி_எம்காம்

மேடம், நன்றி. குறிப்பைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் இப்போது இரண்டு அட்டவணை, இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? ஜப்பான் முதல் அட்டவணையில் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை.

வசந்தா_தணிக்கை

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். ஜப்பான் 10 சதவீதம் இல்லை, அதனால் நாடு அட்டவணையில் வரவில்லை. ஆனால் அந்தப் பிரிவே ஒற்றை நாடு என்பதால் மேலேயே கிடைத்துவிட்டது. இப்படி இரண்டையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்தால் கூடுதலாகச் சில எண்கள் கிடைக்கும்.

அமெரிக்கக் கண்டங்கள் பிரிவில் வட, தென் அமெரிக்கா இரண்டும் அடக்கம். 162,560-இலிருந்து அமெரிக்காவின் 138,573-ஐக் கழியுங்கள். 23,987 வரும். கனடா, மெக்சிகோ, பிரேசில் என்று அந்தக் கண்டங்களின் மற்ற எல்லா நாடுகளும் சேர்ந்தது அதுதான். இப்போது சரிபார்க்க, 23,987 உடன் ஐரோப்பா 94,294, ஜப்பான் 24,257, மற்ற ஆசிய பசிபிக் 29,615 எல்லாவற்றையும் கூட்டுங்கள். 172,153 வர வேண்டும். இரண்டாவது அட்டவணையின் "மற்ற நாடுகள்" வரியும் அதேதான். ஒரு மில்லியன்கூட இடிக்கவில்லை என்றால் பிரிவுகளின் எல்லையை நீங்கள் சரியாகப் புரிந்துகொண்டீர்கள் என்று அர்த்தம். இடித்தால் ஏதோ ஒரு நாடு நீங்கள் நினைத்த பிரிவில் இல்லை.

ஆக அட்டவணையில் உறுதியாகப் போடக்கூடிய ஒற்றை நாடுகள் இரண்டுதான், அமெரிக்காவும் ஜப்பானும். சீனா வரியில் கவனம், நாடு அட்டவணையிலும் அது ஹாங்காங், தைவான் சேர்த்துத்தான், கீழே சிறிய எழுத்தில் அடிக்குறிப்பு இருக்கும். பெருஞ்சீனமும் அதே 72,559 என்பதைக் கவனித்திருப்பீர்கள். மீதி எல்லாம் கூட்டம், அதை உடைக்க இந்த அறிக்கையில் வழி இல்லை. ஜிடிபி வைத்துப் பிரிப்பதை விட்டுவிடுங்கள். ஐபோன் வாங்கும் சக்தி ஜிடிபியோடு நேர்கோட்டில் போகாது, அதைக் கம்பெனி சொன்ன எண் மாதிரி அட்டவணையில் வைப்பது தவறு.

நிரல்_நிலா

நான் இதையே கையால் பார்க்காமல், கணினி படிக்கும்படி குறியிட்டுத் தரும் எக்ஸ்பிஆர்எல் தரவிலிருந்து எடுப்பவள், அதில் அடிபட்ட இரண்டு இடங்களைச் சொல்கிறேன். முதலில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் `companyfacts` வழியாக இழுத்தேன். மொத்த வருவாய் வந்தது, நாடுவாரி எதுவும் வரவில்லை. பாதி நாள் என் நிரலில்தான் பிழை என்று தேடினேன். அந்தச் சேவையில் கம்பெனி முழுமைக்கும் பொருந்தும் எண்கள் மட்டும்தான் கிடைக்கும், நாடு, பிரிவு என்று அச்சு போட்டுப் பிரித்த எண்கள் வராது. அறிக்கையின் எக்ஸ்பிஆர்எல் கோப்பையே எடுத்துப் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆணையம் வெளியிடும் குறிப்புகளோடு சேர்ந்த தரவுத் தொகுப்பை எடுக்க வேண்டும். அங்கே ஒரு எண் இப்படி இருக்கும்:

```
us-gaap:RevenueFromContractWithCustomerExcludingAssessedTax
srt:StatementGeographicalAxis = country:CN
72559000000
```

இரண்டாவது அடி இதில்தான். `country:CN` என்று பார்த்ததும் சீனா என்று எழுதிக்கொண்டேன். தைவானும் ஹாங்காங்கும் அதற்குள் இருப்பதை அந்தக் குறியீடு சொல்லவே சொல்லாது, மேடம் சொன்ன அடிக்குறிப்பில்தான் இருக்கிறது. அப்புறம் பிரிவுகளுக்கு `us-gaap:StatementBusinessSegmentsAxis` என்று வேறு அச்சு உண்டு. இரண்டு அச்சையும் சேர்த்துக் கூட்டினேன், மொத்தம் சரியாக இரண்டு மடங்கு வந்தது. ஒவ்வொரு அச்சையும் தனித்தனியாகக் கூட்டி, 383,285 வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் அடுத்த வேலைக்குப் போகிறேன்.

திருப்பூர்_பின்னலாடை

இந்த இழையைப் படித்ததும் எங்கள் வீட்டுப் பிரச்சினையைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. நான் இங்கே ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், இண்ட் ஏஎஸ் பொருந்தும் அளவுள்ள கம்பெனி. எங்கள் பெரிய வாங்குநர் ஜெர்மனியில் கடை வைத்திருப்பவர். ஆனால் ஆர்டர் வருவது அவர்களுடைய ஹாங்காங் கொள்முதல் அலுவலகத்திலிருந்து. இன்வாய்ஸ் ஹாங்காங் பெயரில், பணம் வருவது ஹாங்காங் வங்கியிலிருந்து, சரக்கு தூத்துக்குடியில் ஏறி நேராக ஹாம்பர்க் போகிறது. புவியியல் குறிப்பில் நான் ஜெர்மனி என்று போட்டேன், தணிக்கையாளர் ஹாங்காங் என்று மாற்றச் சொல்கிறார். ஹாங்காங்கில் எங்கள் பனியன் ஒன்றுகூட விற்காது.

பங்குப்பித்தன்

சரக்கு எங்கே போகிறதோ அதுதான் நாடு. சந்தேகமே இல்லை.

வசந்தா_தணிக்கை

சந்தேகம் இருக்கிறது. வெளி வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த வருவாயை எந்த அடிப்படையில் நாடுகளுக்குப் பிரித்தாய் என்பதை வெளியிடு என்றுதான் விதி சொல்கிறது, எந்த அடிப்படை என்று அது திணிக்கவில்லை. பில் போன இடம் என்பார்கள், சரக்கு இறங்கிய இடம் என்பார்கள், வாடிக்கையாளரின் தலைமையகம் என்பார்கள். இன்ஃபோசிஸ் போன்ற மென்பொருள் கம்பெனியின் குறிப்பில் இன்வாய்ஸ் செய்யப்பட்ட வாடிக்கையாளரை வைத்துத் தொகுத்தது என்று இருக்கும், பிரிவுகளும் வட அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா, மற்ற உலகம் என்று நான்குதான். கார்த்தி, அதில் வட அமெரிக்காவை அமெரிக்கா என்று எழுதிவிடாதீர்கள்.

இந்த அடிப்படை எவ்வளவு தூரம் எண்ணைப் புரட்டிப் போடும் என்பதற்கு என்விடியாவைப் பாருங்கள். 2025 ஜனவரியில் முடிந்த ஆண்டில் மொத்த வருவாய் 130,497 மில்லியன் டாலர், அதில் சிங்கப்பூர் 23,684. நூற்றுக்குப் பதினெட்டு. அந்த எண்ணை மட்டும் எடுத்தால் சிங்கப்பூர் தைவானையும் சீனாவையும் தாண்டிய பெரிய சந்தை. ஆனால் அந்த அட்டவணை வாடிக்கையாளரின் பில் முகவரியை வைத்துப் போட்டது. பல வாடிக்கையாளர்கள் பில்களைச் சிங்கப்பூரில் ஒருமுகப்படுத்துகிறார்கள், சரக்கு ஏறக்குறைய எப்போதும் வேறு இடத்துக்குத்தான் போகிறது, சிங்கப்பூருக்கு அனுப்பியது மொத்த வருவாயில் 2 சதவீதத்துக்கும் குறைவு என்று அந்த அறிக்கையிலேயே விளக்கம் இருக்கிறது. அட்டவணையை மட்டும் வெட்டி எடுத்தவர்களுக்கு அந்த விளக்கம் கண்ணில் படாது.

சின்ன நாடு, பெரிய எண், அந்த அளவுக்கு அங்கே நுகர்வு இருக்க வாய்ப்பில்லை என்று தோன்றினால் உடனே அடிப்படை என்ன என்ற வாக்கியத்தைத் தேடுங்கள். சிங்கப்பூர், ஹாங்காங், அயர்லாந்து, நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து வரும்போதெல்லாம் நான் அதைத்தான் முதலில் செய்வேன்.

திருப்பூர்_பின்னலாடை

அப்படியானால் தணிக்கையாளர் சொல்வதும் தவறில்லை, நான் சொல்வதும் தவறில்லை என்கிறீர்கள். ஆனால் குறிப்பில் ஒன்றுதானே வர முடியும்?

வசந்தா_தணிக்கை

ஒன்றுதான் வரும். போன வருடம் எந்த அடிப்படையோ அதுவே இந்த வருடமும், மாற்றினால் பழைய வருடத்தையும் மாற்றிக் காட்ட வேண்டும். உங்கள் வாடிக்கையாளர் யார், ஹாங்காங் அலுவலகமா ஜெர்மன் கம்பெனியா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். வாங்குவதும் பொறுப்பேற்பதும் ஹாங்காங் நிறுவனம் என்றால் தணிக்கையாளர் பக்கம் வலு அதிகம். அது வெறும் முகவர் என்றால் உங்கள் பக்கம்.

ஒரகடம்_ராஜா

நான் முதலில் தப்பாகப் புரிந்துகொண்டேன், சரி. ஆனால் கார்த்தியின் கேள்வியில் எந்தெந்த நாட்டில் தொழில் செய்கிறது என்பதும் இருக்கிறதே? விற்பனை இல்லாவிட்டாலும் இங்கே வேலை நடக்கிறது. அது எங்கேயாவது தெரியுமா?

வசந்தா_தணிக்கை

கொஞ்சம் தெரியும். அதே குறிப்பில் மூன்றாவதாக நீண்டகாலச் சொத்துகளின் அட்டவணை. 2023-இல் அமெரிக்கா 33,276, சீனா 5,778, மற்ற நாடுகள் 4,661, மொத்தம் 43,715. இது விற்பனையைப் பின்பற்றவில்லை பாருங்கள். விற்பனையில் மற்ற நாடுகள் கிட்டத்தட்ட பாதி, சொத்தில் பத்தில் ஒரு பங்கு. சீனாவில் கடைகளோடு, பொருள் தயாரிக்கும் அச்சுகளும் இயந்திரங்களும் ஆப்பிளுக்குச் சொந்தமாக அங்கே கிடப்பதால் அந்த எண் வருகிறது. ஆனால் ஒப்பந்தத் தயாரிப்பாளர்களின் கட்டடமும் ஆட்களும் ஆப்பிளின் ஏட்டில் வரவே வராது. நீங்கள் பார்க்கும் பஸ்களில் போகிறவர்கள் ஆப்பிளின் ஊழியர்கள் இல்லை, அந்தத் தொழிற்சாலையும் ஆப்பிளின் சொத்து இல்லை. அங்கே ஆப்பிளுக்குச் சொந்தமான கருவிகள் இருந்தால் அது 4,661-க்குள் கலந்திருக்கும், பிரித்துப் பார்க்க முடியாது.

10-கே உடன் வரும் துணை நிறுவனப் பட்டியலையும் பாருங்கள், பின்னிணைப்பு 21. எந்த நாட்டுச் சட்டப்படி பதிவான கம்பெனிகள் என்று வரும். ஆனால் முக்கியமில்லாதவற்றை விட்டுவிட விதி இடம் தருகிறது, அதனால் பட்டியலில் இல்லை என்றால் அந்த நாட்டில் இல்லை என்று ஆகாது. மறுபக்கம், அயர்லாந்தில் பதிவான விநியோகக் கம்பெனி பட்டியலில் இருக்கிறது, அதன் விற்பனை எல்லாம் அயர்லாந்துக்காரர்கள் வாங்கியது இல்லை.

நிரல்_நிலா

இந்தியாவுக்கு மட்டும் ஒரு பக்கவழி உண்டு. ஆப்பிளின் இந்தியத் துணை நிறுவனம் கம்பெனிப் பதிவாளரிடம் தனிக் கணக்கு தாக்கல் செய்கிறது. 2023 மார்ச்சில் முடிந்த ஆண்டுக்கு அதன் வருவாய் சுமார் 49,322 கோடி ரூபாய் என்று பத்திரிகைகளில் வந்தது. அன்றைய விலையில் ஆறாயிரம் மில்லியன் டாலர் பக்கம். ஐரோப்பா பிரிவின் 94,294-இல் வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு ஆறு பங்கு.

வசந்தா_தணிக்கை

போடலாம், ஆனால் அட்டவணையின் அதே நிரலில் போடாதீர்கள். ஒன்று, ஆண்டு வேறு. இந்தியக் கணக்கு மார்ச்சில் முடிகிறது, ஆப்பிளின் ஆண்டு செப்டம்பரில், நடுவில் ஆறு மாதம் நழுவுகிறது. இரண்டாவது, துணை நிறுவனத்தின் வருவாயில் தாய் நிறுவனக் குழுமத்துக்குள்ளேயே செய்த வேலைக்கான கட்டணம் கலந்திருக்கலாம். குழுமக் கணக்கில் அது அழிந்துவிடும். மறுபுறம், இந்திய வாடிக்கையாளர் செலுத்தியது வேறொரு நாட்டுக் கம்பெனியின் ஏட்டில் விழுந்திருக்கவும் முடியும். அதனால் கீழே தனியாக, துணை நிறுவனக் கணக்கின்படி என்று குறித்துப் போடுங்கள்.

கார்த்தி_எம்காம்

அட்டவணையை மாற்றிவிட்டேன். அமெரிக்கா 138,573, ஜப்பான் 24,257 இரண்டும் நாடு. சீனா, ஹாங்காங், தைவான் சேர்த்து 72,559 ஒரே வரி. அமெரிக்கா தவிர்த்த அமெரிக்கக் கண்டங்கள் 23,987, கழித்து வந்தது என்று குறிப்போடு. ஐரோப்பா, இந்தியா, மத்தியக் கிழக்கு, ஆப்பிரிக்கா ஒரு வரி, பெயரை முழுசாக எழுதிவிட்டேன். மீதி ஆசிய பசிபிக். மொத்தம் 383,285 சரியாக நிற்கிறது. பக்கத்தில் "அடிப்படை" என்று ஒரு புதிய நிரல் சேர்த்திருக்கிறேன். மற்ற நான்கு கம்பெனிகளையும் திரும்ப எடுத்தேன், மூன்றில் அடிப்படை வாக்கியம் இருக்கிறது, அவற்றில் ஒன்றில் பில் முகவரி. நான்காவதில் எங்கேயும் காணவில்லை.

வசந்தா_தணிக்கை

அது அமெரிக்கக் கம்பெனியா, இந்தியக் கம்பெனியா? வருவாய்க் கொள்கைக் குறிப்பிலும் தேடுங்கள், சிலர் அங்கே ஒளித்து வைப்பார்கள். அங்கேயும் இல்லை என்றால் "வெளியிடவில்லை" என்றே அந்தக் கட்டத்தில் எழுதுங்கள், நீங்களாக ஊகித்து நிரப்ப வேண்டாம்.

திருப்பூர்_பின்னலாடை

மேடம், ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து ஹாங்காங் அலுவலகத்தினுடையது, ஆனால் கடைசிப் பக்கத்தில் ஜெர்மன் கம்பெனியின் சார்பில் என்று ஒரு வரி இருக்கிறது. போன சீசனில் சாயம் போன சரக்குக்குக் கழிவு கேட்டு டெபிட் நோட் வந்தது ஜெர்மனியிலிருந்துதான், ஹாங்காங் அதில் வாயே திறக்கவில்லை. இதை வைத்துத் தணிக்கையாளரிடம் பேசலாமா? வியாழக்கிழமை வருகிறார்.

வசந்தா_தணிக்கை

அந்த டெபிட் நோட்டையும் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தையும் நகலெடுத்து வையுங்கள். இரண்டையும் அவர் பார்த்த பிறகு என்ன சொல்கிறார் என்று இங்கே எழுதுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்.